டாங்கர் வெடித்தால் பிரேம் விழுகிறது: குறைக்க வேண்டியது எண்ணிக்கையா, பரப்பா?

கண்ணாடிக்கப்பல்: யூனிட்டி URP-இல் லாரி ஓட்டும் கேம். 1600×720 திரை உள்ள மலிவு போனில் 60 பிரேம் ஓடுகிறது. டாங்கர் வெடித்தால் 24-க்கு இறங்கி, புகை கலையும்வரை அங்கேயே நிற்கிறது. புகை 30 பார்டிகிள், தீப்பொறி 300. தீப்பொறியை 100 ஆக்கியும் மாற்றம் இல்லை. எதைக் குறைப்பது?

மணல்வீடு: 300-ஐ 100 ஆக்கினால் போதாது. மொத்தமாக Max Particles-ஐ 40-இல் பூட்டிவிடுங்கள். மலிவு போனின் சிபியு அவ்வளவு பார்டிகிளை நகர்த்த முடியாமல் திணறும்.

ஈசல்: அவரே குறைத்துப் பார்த்து மாற்றம் இல்லை என்கிறாரே! கணக்குப் போட்டால் காரணம் தெரியும். தீப்பொறி ஒன்று 6×6 பிக்சல் என்று வைத்தால், 300-ம் சேர்ந்து 10,800 பிக்சல். புகை ஒன்று திரையில் 400×400 இருந்தால் 1,60,000 பிக்சல். 30 புகைக்கு 48 லட்சம். மொத்தத் திரையே 11.5 லட்சம் பிக்சல்தான். அதாவது புகைக்காக மட்டும் திரையை நாலு தடவைக்கு மேல் வண்ணம் அடிக்கிறீர்கள், அதுவும் ஒவ்வொரு பிரேமிலும். வெடிப்பின் நடுவில் ஒரே பிக்சலின் மேல் இருபது, இருபத்தைந்து அடுக்கு விழும். கேமரா கிட்டே போனால் 400 என்பது 700, 800 ஆகும், பரப்பு மூன்று, நாலு மடங்காகும். தீப்பொறியை முழுசாக அழித்தாலும் பிரேம் ஏறாது.

பனங்கிழங்கு: எனக்கும் இதே பிரச்சினை வந்தது. பபுள் உடைக்கும் கேம், உடைந்ததும் ஒரு வெட்டு வெட்டும். ஒவ்வொரு உடைப்புக்கும் `Instantiate`, முடிந்ததும் `Destroy` போட்டிருந்தேன். அழிக்காமல் எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்தும் பூல் போட்டதும் சரியாகிவிட்டது. பூல் போடுங்கள் கப்பல்.

ஈசல்: கிழங்கு, உங்களுடையது வேறு நோய். தொடங்கும் நொடியில் ஒரே ஒரு வெட்டு வந்து உடனே சரியானால் அது மெமரி ஒதுக்கீடும் குப்பை அள்ளலும். இவருக்குப் புகை இருக்கும்வரை பிரேம் கீழேயே நிற்கிறது. அது பிக்சல் செலவு. நிச்சயப்படுத்த ஒரு வரி போதும் கப்பல், வெடிப்பு நடக்கும்போது போனில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```csharp
UniversalRenderPipeline.asset.renderScale = 0.5f;
```

அகலமும் உயரமும் பாதியாகும், பிக்சல் கால்வாசியாகும். பிரேம் சட்டென்று ஏறினால் பரப்புதான் குற்றவாளி. அசையவே இல்லையென்றால் மணல்வீடு சொன்ன சிபியு பக்கம் தேடலாம். எடிட்டரில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மேசைக் கணினியின் ஜிபியு இதை உணரவே உணராது.

கண்ணாடிக்கப்பல்: போட்டேன். வெடிப்பின் உச்சத்திலும் 54, 55 காட்டுகிறது. படம் மங்கல், ஆனால் ஓடுகிறது.

மணல்வீடு: சரி, பரப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மாலி, அட்ரினோ எல்லாமே திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரைபவை. பிளெண்டிங் சிப்புக்குள்ளேயே நடக்கும், மெமரிக்குப் போய் வராது. அப்படியிருக்க ஒரே பிக்சலை அடுக்கடுக்காக வரையும் ஓவர்டிரா மொபைலில் ஏன் இவ்வளவு கனம்? இல்லையென்றால் புகையின் காலி மூலைகளை `discard` செய்துவிட்டால் முடிந்தது.

ஈசல்: முதல் பாதி உண்மை. பிளெண்டிங் மலிவுதான். ஆனால் ஒவ்வொரு அடுக்குக்கும் ஷேடர் ஓட வேண்டும், டெக்ஸ்சர் வாசிக்க வேண்டும். திடப் பொருளாக இருந்தால் பின்னால் மறைந்ததை ஜிபியு ஓட்டாமலே விட்டுவிடும். கண்ணாடித்தன்மை உள்ள புகையில் கீழே இருப்பதும் தெரிய வேண்டுமே, எதையும் தள்ளிவிட முடியாது. `discard`-ம் அப்படித்தான்: ஆல்பா பூஜ்யமா என்று தெரியவே டெக்ஸ்சரை வாசித்தாக வேண்டும், அதற்குள் செலவு முடிந்துவிடுகிறது. மிச்சமாவது அந்த மலிவான பிளெண்டிங் மட்டும்.

காலி மூலையை ஷேடருக்கே அனுப்பாமல் இருப்பதுதான் வழி. புகைப் படம் வட்டமாக இருக்கிறது, சதுரத்தில் வரைகிறீர்கள். Render Mode-ஐ Mesh ஆக்கி, Render Alignment-ஐ View-இல் வைத்து எண்கோண மெஷ் கொடுத்தால் பரப்பில் 17 சதவீதம் போகும். படத்தைச் சுற்றி இன்னும் காலி இருந்தால் மெஷை ஒட்ட வெட்டி அதற்கு மேலும் மிச்சம் பிடிக்கலாம். கூடுதல் வெர்டெக்ஸ் 30 புகைக்கு ஒன்றுமே இல்லை. 300 தீப்பொறிக்கு இதைச் செய்யாதீர்கள், வீண்.

சாயப்பட்டறை: எஃபெக்ட் வரைபவனாகச் சொல்கிறேன். 30 அடுக்கு வேடிக்கைக்கு வைப்பதில்லை. அடர்த்தி, உருளல் எல்லாம் அதில்தான் வருகிறது. எட்டாகக் குறைத்தால் பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும். பேசாமல் பார்டிகிளைப் பாதி அளவுத் திரையில் தனியாக வரைந்து மேலே ஒட்டுங்கள், கன்சோலில் காலங்காலமாகச் செய்வதுதான்.

ஈசல்: கன்சோலில் சரி. இங்கே தனி இலக்கில் வரைய, நடுவில் பாஸை உடைக்க வேண்டும். ஆழத்தை மெமரியில் எழுதி, சின்னதாக்கி, புகையை வரைந்து, முழுத்திரைக்கு ஒருமுறை ஒட்ட வேண்டும். வெடிப்பு இல்லாத பிரேமில்கூட அணைக்காமல் விட்டால் அந்தச் செலவு நிற்கும். புகை எப்போதும் திரையை மூடும் கேம் என்றால் யோசிக்கலாம்.

அடர்த்தியைப் படத்துக்குள் வையுங்கள் என்பது என் கட்சி. 30 அடுக்குப் புகையை உங்கள் கருவியில் உருட்டி, ஒரே படத்தில் 64 கட்டமாக வரிசையாய் ஓடும் 8×8 ஃபிளிப்புக்காகச் சுட்டுவிடுங்கள். 2048 படத்தில் கட்டத்துக்கு 256 பிக்சல், ASTC 6×6-இல் மிப் சேர்த்து 2.5 எம்பிக்குள் அடங்கும். அப்புறம் ஆறு புகை போதும்: 9.6 லட்சம் பிக்சல், எண்கோணத்தில் 8 லட்சத்துக்குக் கீழே. 48 லட்சம் இருந்த இடம். நெருப்புக்குத் தனி அடுக்கும் வேண்டாம். ஆல்பாவை முன்பே பெருக்கிய படத்தை `Blend One OneMinusSrcAlpha`-இல் வரைந்தால் ஒளிரும் நெருப்பும் மறைக்கும் புகையும் ஒரே அடுக்கில் வரும்.

சாயப்பட்டறை: சுட்ட புகைக்கு ஒளி மாறாது, பகல் கேமில் செய்ததை இரவில் போட்டால் அசிங்கமாக இருக்கும். சாஃப்ட் பார்டிகிளையாவது விட்டுவைப்பீர்களா? அது இல்லையென்றால் புகை தரையைத் தொடும் இடத்தில் கத்தியால் கீறியதுபோல் கோடு விழும்.

ஈசல்: ஒளிக்கு உங்கள் பேச்சு நியாயம், நிறத்தை மட்டும் மாற்றினால் முழுசாகச் சரியாகாது. சாஃப்ட் பார்டிகிளை நான் அணைப்பேன். அதற்காக ஆழ டெக்ஸ்சரை வெளியே எழுதி, ஒவ்வொரு அடுக்கும் அதை மறுபடி வாசிக்கிறது. ஓவர்டிரா எத்தனை மடங்கோ வாசிப்பும் அத்தனை மடங்கு. தரை சமதளம்தானே, மெஷின் அடிப்பக்க வெர்டெக்ஸ்களில் ஆல்பாவைப் பூஜ்யமாக்கி, பார்டிகிள் சுழலாமல் வைத்தால் கோடு மறையும்.

மணல்வீடு: கேமரா கிட்டே வரும்போது மங்கலாக்கினால் போதாதா?

ஈசல்: மங்கினாலும் பிக்சல் ஓடும். கண்ணுக்குத்தான் இல்லை, ஜிபியுவுக்கு அப்படியே இருக்கிறது. Renderer-இல் Max Particle Size 0.5 என்று இருக்கும், ஒரு பார்டிகிள் திரையில் பாதிவரை வளரலாம்; ஆனால் அந்த வரம்பு Billboard-க்கு மட்டும்தான், Mesh-இல் வேலை செய்யாது. Billboard-ஆக இருப்பதற்கு 0.25 ஆக்குங்கள். மிகக் கிட்டே வந்ததைக் கொன்றே விடுங்கள்.

கண்ணாடிக்கப்பல்: ஃபிளிப்புக், எண்கோணம், ஆறு புகை, சாஃப்ட் பார்டிகிள் அணைப்பு. இப்போது உச்சத்தில் 51. கொஞ்ச நேரம் விளையாடி போன் சூடானதும் 43, 44. ஆனால் ஆறு புகையும் ஒரே தாளத்தில் உருள்கின்றன, நகல் என்று கண்ணில் படுகிறது.

ஈசல்: Texture Sheet Animation-இல் Start Frame-ஐ இரண்டு எண்ணுக்கு இடையில் ரேண்டமாக வையுங்கள், ஆயுளையும் கொஞ்சம் கூட்டிக் குறையுங்கள். சூடானபின் வரும் எண்தான் உங்கள் உண்மையான எண்.

சாயப்பட்டறை: புகைக்கு நடுவிலிருந்து தொடங்கும் ஃபிரேம் கொடுத்தால் வெடிக்கும்போதே பழைய புகையாகத் தெரியும். 0 முதல் 6-க்குள் வையுங்கள், பாதியைக் கண்ணாடிபோல் Flip செய்யுங்கள். ஆறு போதாது, மொத்தம் எட்டு அடுக்காவது வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது.

கண்ணாடிக்கப்பல்: எட்டு போட்டுச் சூடாக்கிப் பார்க்கிறேன். 40-க்குக் கீழே போனால் 30-இல் பூட்டிவிடுவதா, ஆறிலேயே நிற்பதா என்று அப்போது கேட்கிறேன்.