பொருள்: ‘செயலுறு அணுக்கரு மின்சுமை’ என்ற சொல் போதுமா?

தேன்மொழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். அணு ஆரம் பற்றிய ஓர் அத்தியாயத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். ‘செயலுறு அணுக்கரு மின்சுமை’ என்று படிக்கும் மாணவர்கள் அதை அணுக்கருவின் குணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஓர் அணுவுக்கு ஒரே மதிப்பு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எந்த எலக்ட்ரானைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறுமே! ‘உணர்சுமை’ என்று மாற்றினால், உணர்வது எலக்ட்ரான் என்பது சொல்லிலேயே வந்துவிடும். என்ன சொல்கிறீர்கள்?

இளங்கோ எழுதியது:

பழகிய சொல்லைக் கலைக்க வேண்டாம், அம்மா. இலங்கைப் பாடநூல்கள் மின்சுமையை ‘ஏற்றம்’ என்கின்றன. நீங்கள் மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவருகிறீர்கள். அதோடு எலக்ட்ரானுக்கு உணர்ச்சி எங்கே இருக்கிறது? ‘மறைத்தல்’ என்ற சொல்லிலும் எனக்குக் குறை தெரியவில்லை. உள் எலக்ட்ரான்கள் மறைக்கும், d எலக்ட்ரான்கள் மறைக்காது. காலியம் அலுமினியத்தைவிடப் பெரிதாக வளராததற்குக் காரணம் அதுதான்.

நசீர் எழுதியது:

இளங்கோ ஐயா சொன்னதில் பாதி சரி. காலியத்தின் 3d எலக்ட்ரான்கள் மறைக்கத்தான் செய்கின்றன, ஆனால் குறைவாக. 1930இல் ஸ்லேட்டர் தந்த விதிகளைக் கொண்டே போட்டுப் பார்க்கலாம்.

அலுமினியத்தின் 3p எலக்ட்ரானை எடுங்கள். அதே கூட்டில் உள்ள மற்ற இரண்டும் ஆளுக்கு 0.35 மறைக்கின்றன. அதற்கு உள்ளே இருக்கும் கூட்டின் எட்டும் ஆளுக்கு 0.85. அதற்கும் உள்ளே உள்ள இரண்டும் முழுதாக 1. கூட்டினால் 9.5, 13இலிருந்து கழித்தால் 3.5.

காலியத்தின் 4p எலக்ட்ரானுக்கு அடுத்த உள்கூட்டில் எட்டு அல்ல, பதினெட்டு இருக்கின்றன. 0.7, 15.3, 10 சேர்ந்து 26; 31 − 26 = 5.0. இடையில் வந்த பத்து 3d எலக்ட்ரான்களும் சேர்ந்து மறைத்தது 8.5 மட்டுமே. அணுக்கருவில் அவற்றுக்கு ஈடாகச் சேர்ந்ததோ 10. மீந்த 1.5தான் 3.5ஐ 5.0 ஆக்கியது.

ஆரம் தோராயமாக `n*² / Z_eff` என்பதைப் பின்பற்றும். மூன்றாம் கூட்டுக்கு `n*` 3, நான்காம் கூட்டுக்கு 3.7. போரின் ஆரமான 52.9 பிக்கோமீட்டரால் பெருக்கினால் அலுமினியம் 136, காலியம் 145. அந்தப் பத்தும் முழுதாக மறைத்திருந்தால் காலியத்துக்கும் 3.5தான் கிடைத்திருக்கும், ஆரம் 207க்குப் போயிருக்கும். அளந்த சகப்பிணைப்பு ஆரங்கள் 121, 122. விதி தரும் எண்கள் உயர்ந்தே நிற்கின்றன, ஆனால் இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதைச் சரியாகக் காட்டுகின்றன.

ஆகவே எனக்கு உறுத்துவது ‘மறைத்தல்’. திரை என்றால் மறைக்கும் அல்லது மறைக்காது. இங்கே நடப்பது தணிப்பு. தேன்மொழி அவர்களின் பக்கமும் வலுவானது. அதே காலியத்தில் ஒரு 3d எலக்ட்ரானைக் கேட்டால் விடை 9.85. ஒரே கரு, இரு எண்கள்.

கவிதா எழுதியது:

என் பிரச்சினை வேறு. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் 2.2 என்றே வருகிறது. சமமான இழுப்பு என்றால் ஆரமும் சமமாக அல்லவா இருக்க வேண்டும்? கணக்கில் பிழையா? கணக்கு சரியென்றால் இந்தச் சொல்லை எதற்காகக் காப்பாற்றுகிறோம்?

நசீர் எழுதியது:

கணக்கு சரிதான். இழுப்பு சமம், கூடு வேறு: பொட்டாசியத்தில் மேலே நிற்பது 3.7இன் வர்க்கம், சோடியத்தில் 3இன் வர்க்கம். தொகுதியில் கீழே இறங்கும்போது கூடு முந்துகிறது. வரிசையில் வலப்பக்கம் போகும்போது கூடு மாறாமல் ஒவ்வோர் அடிக்கும் 0.65 ஏறுவதால் அணு சுருங்குகிறது.

மாணவர்கள் வழக்கமாகத் தவறுவது வேறிடத்தில்: கேட்கப்படும் எலக்ட்ரானையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். ஹைட்ரஜனுக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 1க்குக் குறைந்து வந்தால் தன்னையே எண்ணியிருக்கிறார்கள்.

இளங்கோ எழுதியது:

‘தணிப்பு’ எனக்குச் சம்மதம். ‘உணர்சுமை’க்கு இன்னும் இல்லை. ‘4p எலக்ட்ரான்மீதான செயலுறு மின்சுமை’ என்று நீட்டி எழுதினால் குழப்பமே வராதே?

தேன்மொழி எழுதியது:

ஒரு முறை எழுதலாம், ஐயா. அட்டவணைத் தலைப்பில் எப்படி அடக்குவது? தலைப்புக்கு மட்டும் ‘உணர்சுமை’ போட்டு, பக்கத்தில் எந்த எலக்ட்ரான் என்று குறிக்கப்போகிறேன். ‘தணிப்பு மாறிலி’க்கு வேறு எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள்.

நசீர் எழுதியது:

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அட்டவணையை இண்டியம், தாலியம்வரை நீட்டினால் இரண்டுக்கும் 5.0தான் வரும், ஆரம் 169இலிருந்து 187க்கு ஏறும் என்று விதி சொல்லும். அளந்தவை 142, 145. 4f எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் முழு 1 தணிப்பதாக விதி வைத்துக்கொள்கிறது, உண்மையில் அவை அவ்வளவு தணிப்பதில்லை. தாலியத்தில் சார்பியல் விளைவும் சேர்ந்துகொள்கிறது. அந்த வரிசையை விட்டுவிடுங்கள், அல்லது 1963இல் கிளெமென்டியும் ரைமண்டியும் செய்ததுபோல அலைச்சார்பிலிருந்து கணக்கிட்ட எண்களைத் தேடிப் போடுங்கள். அம்முறையில் காலியத்தின் 4pக்கே ஏறத்தாழ 6.2 வருகிறது, ஒரே அட்டவணையில் இரண்டையும் கலக்க வேண்டாம்.