சிஓ மேப்பிங்: ரிவியூ குழு விடைத்தாளைக் கையில் எடுத்த அனுபவம் உண்டா?

கொன்றை

எங்கள் முதுகலைப் படிப்புக்கு அங்கீகார ரிவியூ முடிந்து முடிவும் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு ஐந்து நிமிடம் மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை.

பாடம் ஆராய்ச்சி முறையியல். அதை முடிக்கும் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் சிஓக்களில், அதாவது பாட விளைவுகளில், நான்காவது இப்படி: "ஓர் ஆய்வுக் கேள்விக்குப் பொருத்தமான ஆய்வு வடிவமைப்பை உருவாக்கி, அதன் குறைகளை மதிப்பிடுவார்." சிஓக்களை முழுப் படிப்பின் விளைவுகளான பிஓக்களோடு இணைக்கும் மேப்பிங் அட்டவணையில் அதற்கு நேராக மூன்று பிஓக்களில் 3, அதாவது வலுவான தொடர்பு, என்று போட்டிருந்தது. அடைவு 78 சதவீதம். குழுவில் வந்திருந்த ஒரு பேராசிரியை அட்டவணையைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். "சிஓ நாலுக்கு எந்தக் கேள்வி? அதில் அதிக மார்க் வாங்கின விடைத்தாளைக் கொடுங்க" என்றார்.

கேள்வி, "ஆய்வு வடிவமைப்பின் வகைகளை விளக்குக." பத்து மார்க். அந்த மாணவி ஒன்பதரை வாங்கியிருந்தாள். வகுப்புக் குறிப்பில் இருந்த ஐந்து வகை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, அழகான கையெழுத்து. பேராசிரியை முழுவதும் படித்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "இதில் இந்தப் பொண்ணு எதை வடிவமைச்சிருக்காங்க?"

அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

என்னை உறுத்துவது அதுகூட இல்லை. அதே பாடத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதே மாணவியின் திட்டத்தில், மாதிரி எடுத்த முறையால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று ஒரு முழுப் பத்தி இருந்தது. சிஓ நாலு என்றால் அதுதான். ஆனால் அசைன்மென்டுக்கு மொத்தமாக 20 மார்க், "சிஓ 1 முதல் 5 வரை" என்று மேப் ஆகியிருந்தது. ஆதாரம் பக்கத்து ஃபைலிலேயே இருந்தும் அதைக் காட்ட வழியில்லாமல் போனது.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

ஆய்வகம்3

எங்களுக்கு சிக்கல் வந்தது "அல்லது" கேள்வியில்.

முதுகலைச் செமஸ்டர் தேர்வு. ஏழாவது கேள்வி சிஓ மூன்று, எட்டாவது கேள்வி சிஓ நான்கு, இரண்டில் ஒன்று எழுதினால் போதும். வகுப்பில் 24 பேர். 18 பேர் ஏழை எழுதினார்கள், 6 பேர் எட்டை எழுதினார்கள். அந்த 6 பேரில் 5 பேர் ஆறு மார்க்குக்கு மேல். எக்செல் ஷீட்டில் எழுதாதவர்களுக்கு யாரோ 0 போட்டுவிட்டார்கள். சிஓ நான்கின் அடைவு 5/24, அதாவது 21 சதவீதம். மற்ற சிஓக்கள் எல்லாம் எழுபதுக்கு மேல். இப்படி ஒன்று மட்டும் பள்ளத்தில் கிடந்தால் மாணவர்களைச் சந்தேகப்படும் முன் ஷீட்டில் அந்தக் கேள்வியின் நெடுவரிசையைத் திறந்து பாருங்கள்.

எழுதாதவர் கட்டம் காலியாக இருக்க வேண்டும். அப்போது இந்தச் சூத்திரம் எழுதியவர்களை மட்டும் எண்ணும்:

```
=COUNTIF(F5:F28,">=6")/COUNT(F5:F28)
```

திருத்தினதும் 83 சதவீதம் வந்தது. எல்லாரும் நிம்மதியானார்கள். எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. மீதி 18 பேர் சிஓ நான்கை அடைந்தார்களா என்பதற்கு நம்மிடம் ஒன்றுமே இல்லையே. தெரிந்தவர்கள்தானே அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்?

இப்போது வினாத்தாள் தயாரிப்பவரிடம் ஒரே நிபந்தனைதான் வைக்கிறோம்: "அல்லது" போட்டால் இரண்டு பக்கமும் ஒரே சிஓ, ஒரே நிலை.

தேர்வுத்தாள்

கொன்றை மேடம், உங்கள் பிரச்சினை வினைச்சொல்லில் இருக்கிறது. சிஓவில் "உருவாக்குவார்", கேள்வியில் "விளக்குக". சிந்தனைத் திறனை ஆறு படிகளாக அடுக்கும் ப்ளூம் வரிசையில் ஒன்று உச்சியில், மற்றது இரண்டாம் படியில். கேள்வியை "வடிவமைக்க" என்று தொடங்கியிருந்தால் குழு ஒன்றும் சொல்லியிருக்காது.

எங்கள் துறையில் ரிவியூவுக்கு முன் எல்லா வினாத்தாளையும் எடுத்து, வினைச்சொற்களை சிஓவோடு ஒத்துப்பார்த்து ஒரு பட்டியல் செய்தோம். பொருந்தாததை அடுத்த பருவத்திலிருந்து மாற்றினோம். குழுவிடமிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

வெளித்தேர்வர்

தேர்வுத்தாள் சார் சொன்னதில் பாதி சரி. பொருந்தாத வினைச்சொல் நிச்சயம் ஒரு அறிகுறி. ஆனால் பொருந்திவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது.

ஒரு முதுகலைப் புள்ளியியல் தாளைத் திருத்தப் போயிருந்தேன். "கீழ்க்காணும் தரவைப் பகுப்பாய்ந்து முடிவின் நம்பகத்தன்மையை மதிப்பிடுக." கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா? நான்காவது விடைத்தாளிலேயே எனக்குத் தட்டுப்பட்டது. எல்லாரும் ஒரே வரிசையில், ஒரே இடத்தில் அதே எச்சரிக்கை வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். விசாரித்தால், அதே தரவை வகுப்பில் போட்டு முழு விடையும் கொடுத்திருக்கிறார்கள். வினைச்சொல் ஐந்தாம் நிலை, மாணவர் செய்தது முதல் நிலை.

கேள்வியின் நிலையை அந்த மாணவருக்கு அது புதிதா இல்லையா என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை வினாத்தாளைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. பாடத்திட்டத்தையும் வகுப்புக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலைந்து விடைத்தாளைப் படிக்க வேண்டும். விடைகள் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தால் யோசித்திருக்கிறார்கள். வரிக்கு வரி ஒத்துப்போனால் ஒப்பித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, யாரும் கேட்காமலே சொல்கிறேன். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் "உருவாக்குவார்" என்ற சிஓவை அளக்கப் பார்ப்பதே வீண் வேலை. முதுகலைக்கு அப்படிப்பட்ட சிஓ கட்டாயம் வேண்டும், அதனால் அதை எழுத்துத் தேர்விலிருந்து எடுத்துவிடுங்கள். எல்லா சிஓவும் எல்லா மதிப்பீட்டிலும் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு சிஓவுக்கு நேரடியான ஒரு நல்ல ஆதாரம், முடிந்தால் வேறு வகையில் இன்னொன்று, அது போதும். கொன்றை மேடத்தின் அசைன்மென்டையே எடுத்துக்கொள்வோம். 20 மார்க்கை இப்படிப் பிரித்திருக்கலாம்: ஆய்வுக் கேள்வியை வகுப்பது 4, சிஓ ஒன்று. முந்தைய ஆய்வுகளில் உள்ள இடைவெளி 4, சிஓ இரண்டு. வடிவமைப்பு 8, அதன் குறைகள் 4, இரண்டும் சிஓ நான்கு. நான்கு கட்டமும் தனித்தனியாக எக்செலில் ஏற வேண்டும். மொத்த மார்க்கை மட்டும் ஏற்றினால் எல்லா சிஓவுக்கும் ஒரே சதவீதம்தான் வரும். ஐந்து சிஓவும் 74.2 என்று நிற்கும் அட்டவணையைப் பார்த்த உடனே குழுவுக்குப் புரிந்துவிடும், யாரும் சிஓ வாரியாக அளக்கவில்லை என்று.

மேப்பிங்கில் 3களை அள்ளிப் போடுவதும் அப்படித்தான். ஒவ்வொரு 3க்கும் நீங்கள் ஒரு விடைத்தாளை எடுத்து நீட்டத் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்துக்காக யாரும் மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை.

மணிக்கூண்டு

எங்களுக்கும் இதே தலைவலிதான். பழைய மாணவர்களிடம் வாங்கும் சர்வே படிவம் 40 பேரில் 9 பேரிடமிருந்துதான் வந்தது. பிஓ அடைவில் மறைமுக மதிப்பீட்டுக்கு 20 சதவீதம் வைத்திருந்தோம். ஒன்பது பேரும் எல்லாவற்றுக்கும் "மிக நன்று". குழுத் தலைவர் ஒவ்வொரு படிவமாகப் புரட்டிவிட்டு அப்படியே மூடி வைத்தார். சர்வே பதில் அதிகம் வர என்ன செய்யலாம்?

ஆய்வகம்3

மணிக்கூண்டு சார், கொன்றை கேட்டது பாடத்துக்குள் நடக்கும் மதிப்பீடு. உங்களுடையது வேறு விஷயம், தனியாகக் கேளுங்கள். ஆனால் இறுதி வைவா முடிந்த அன்றே படிவத்தைக் கொடுத்து வாங்கிவிடுங்கள். படிப்பை முடித்துப் போன பிறகு யாரும் நிரப்புவதில்லை.

நீலத்தாள்

ஆய்வேட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதுகலையில் கனமான ஆதாரம் அங்கேதான் இருக்கிறது.

எங்களிடம் ரூப்ரிக் எல்லாம் இருந்தது. பத்து வரிசை, ஒவ்வொன்றுக்கும் 10 மார்க். குழுவில் வந்தவர் மூன்று ஆய்வேடுகளையும் அவற்றின் ரூப்ரிக் தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஆய்வின் எல்லைகளையும் குறைகளையும் மதிப்பிடுதல்" என்ற வரிசையில் மூன்றுக்கும் 9. அப்புறம் ஒரு ஆய்வேட்டின் பொருளடக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். அதில் குறைகள் பற்றி ஒரு பகுதியே இல்லை. முடிவுரையைத் திறந்தார், அங்கேயும் ஒரு வரி இல்லை. அந்த விரல் பக்கத்தின் அடியில் போய் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நெறியாளர் மொத்த மார்க்கை முதலில் முடிவு செய்துவிட்டு வரிசைகளில் பிரித்துப் போட்டிருக்கிறார். இது பல இடங்களில் நடக்கிறது. வரிசைக்கு வரிசை மார்க் ஏறி இறங்காமல் 9, 9, 9, 8, 9 என்று போனாலே தெரிந்துவிடும். இப்போது ஒவ்வொரு வரிசையிலும் 5க்கு எது, 7க்கு எது, 9க்கு எது என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறோம். "9: குறை முடிவை எந்தத் திசையில், எவ்வளவு பாதிக்கும் என்று காட்டியிருக்கிறார்." இரண்டாவது தேர்வர் நெறியாளரின் மார்க்கைப் பார்க்காமல் போடுகிறார். ஒரு வரிசையில் இருவருக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசுகிறார்கள். நெறியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை, மறைக்க ஒன்றுமில்லை.

பனையோலை

எங்கள் படிப்பில் மொத்தமே 6 பேர். இலக்கு, 70 சதவீதம் பேர் 60 மார்க்குக்கு மேல் வாங்க வேண்டும். 5 பேர் தாண்டினால் 83, அடைந்தாயிற்று. 4 பேர் என்றால் 67, அடையவில்லை. காய்ச்சலோடு தேர்வெழுதிய ஒரே ஒரு மாணவரால் அந்த வருடம் "அடையவில்லை" ஆனது. அதற்கு ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதச் சொன்னார்கள். என்னவென்று எழுதுவது?

மூன்று வருடத்தை ஒன்றாகச் சேர்த்து 18 பேராகக் கணக்கிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். வினாத்தாள் வருடா வருடம் மாறுகிறதே, சேர்ப்பது சரியா என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை.

கொன்றை

வெளித்தேர்வர் சார் பிரித்துக் காட்டியதைப் படித்துவிட்டு எங்கள் துறையில் பேசினேன். இந்தப் பருவத்து அசைன்மென்டுக்கு 4, 4, 8, 4 என்றே வைக்கிறோம். செமஸ்டர் தேர்விலிருந்து சிஓ நாலை எடுத்தாயிற்று.

சண்டை இப்போது பழைய பேட்ச் பற்றி. அசைன்மென்ட் தாள்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, மொத்த மார்க்தான் பதிவாகியிருக்கிறது. அவற்றைத் திரும்பப் படித்து நான்கு கட்டமாக மார்க் போட்டு, சிஓ அடைவை மறுபடி கணக்கிடலாம் என்கிறார் ஒரு சக ஆசிரியர்.

வெளித்தேர்வர்

செய்யலாம், மேடம். மாணவரின் மார்க்கைத் தொடக்கூடாது. "மறு ஆய்வு" என்று தலைப்பிட்டு, செய்த தேதி, செய்தவர் பெயர் போட்டுத் தனி ஷீட்டாக வையுங்கள். பழைய 78ஐ அழிக்காதீர்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

நீலத்தாள்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொத்தம் 16 என்று தெரிந்த பிறகு நான்கு கட்டத்தில் மார்க் போட்டால் 16 வரும்படிதான் கை போகும். எங்கள் நெறியாளர்கள் செய்ததும் அதேதானே? பழைய பேட்ச்சுக்கு "சிஓ நான்கு தனியாக அளக்கப்படவில்லை" என்று எழுதி, புதிய அசைன்மென்ட் படிவத்தை நடவடிக்கையாக இணைத்துவிடுங்கள்.

கொன்றை

அந்தப் பாடத்தை நடத்தாத ஒருவரிடம், மொத்த மார்க்கை மறைத்துக் கொடுத்தால்? துறையில் இருவர் தயாராக இருக்கிறார்கள். முதலில் ஐந்து தாளை மட்டும் கொடுத்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.