வலிப்பு வந்த இரவும் மேலே வந்த பதில் பெட்டியும்

ஆயர் ஈத்தாம் அக்கா
போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம். முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த தம்பி அப்படியே சாய்ந்து விழுந்தான். வலிப்பு. எங்கள் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று கூகுளில் ஆங்கிலத்தில் தட்டினேன். எல்லாத் தளங்களுக்கும் மேலே, பெட்டிக்குள், பெரிய எழுத்தில் ஒரு பட்டியல்: ஆளை அழுத்திப் பிடி, வாயில் ஏதாவது வை. அப்பாவைத் தோளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மரக்கரண்டியை நான் வாயில் திணித்தேன். பல் ஒன்று உடைந்தது. ஆம்புலன்ஸில் வந்த மலாய்ப் பெண் கரண்டியைப் பார்த்ததும், "யார் வைத்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் அந்தப் பட்டியல் வந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே வரிகள்தான், ஆனால் "செய்யக்கூடாதவை" என்ற தலைப்புக்குக் கீழே.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி
அக்கா, நான் இணையத்தளங்களில் வேலை செய்கிறேன். அந்தப் பெட்டியில் இருப்பதை ஆள் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. முதலில் வரும் தளங்களிலிருந்து, கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது போல் தெரியும் ஒரு பத்தியையோ பட்டியலையோ இயந்திரம் வெட்டி எடுக்கிறது. "என்ன செய்வது" என்று கேட்டால் பட்டியல் வர வாய்ப்பு அதிகம். பக்கத்தில் தலைப்பு தனி, பட்டியல் தனி. வெட்டும்போது தலைப்பு வெளியே நின்றுவிட்டால் "கூடாது" என்ற சொல்லும் அதோடு போய்விடும், கட்டளைகள் மட்டும் மிஞ்சும். 2021 அக்டோபரில் கூகுளில் இதே வலிப்புக் கேள்விக்கு இதேதான் நடந்தது. யூட்டா பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் பக்கம் செய்யாதே என்று சொன்னவை, செய் என்பது போல் வந்தன. ஒருவர் படம் பிடித்துப் போட, அது எங்கும் பரவியது. பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை.

பெட்டியின் இணைப்பைத் தொட்டால் பெரும்பாலும் அந்த வரிகள் பக்கத்தில் வண்ணமிட்டுத் தெரியும். முகவரியின் கடைசியில் `#:~:text=` என்று இருக்கும். அங்கிருந்து கீழே போகாதீர்கள், மேலே நகர்த்துங்கள், முதல் தலைப்பு வரும்வரை.

செந்தூல்காரர்
மேலே வருவதெல்லாம் காசு கொடுத்தவர்களுடையது. இது தெரியாதா?

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி
இல்லை அண்ணா. விளம்பரம் வேறு, அதைத் தனியாகக் குறித்திருப்பார்கள். இந்தப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. என் பக்கத்திலிருந்து எடுக்காதே என்று தளக்காரர் தடுக்கலாம், இதை எடு என்று சொல்ல வழியில்லை.

ஜார்ஜ்டவுன் அம்மா
எனக்குத் தேன் விஷயத்தில் இப்படி ஆனது. பேத்திக்கு எட்டு மாதம், இருமல். தேன் நல்லதா என்று கேட்டேன். நல்லது, இருமலைக் குறைக்கும் என்று பெட்டி சொன்னது. கிளினிக்கில் கேட்டபோதுதான் ஒரு வயது ஆகும் முன் தேனே கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தால், அடுத்த பத்தியில் அதுவே எழுதியிருக்கிறது. தேன் கெட்டதா என்று கேட்டிருந்தால் அந்தப் பத்தி வந்திருக்கும் போல.

செந்தூல்காரர்
சரி, காசு விஷயத்தில் நான் சொன்னது தவறுதான். ஆனால் 2022இல் இதைச் சரிசெய்துவிட்டதாகப் படித்தேனே? மற்ற நல்ல தளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பெட்டியில் போடுகிறார்களாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி
அந்த அறிவிப்பு உண்மை. அமெரிக்க அதிபர் லிங்கனைக் கார்ட்டூன் நாய் ஸ்னூப்பி எப்போது கொன்றது என்பது போல அடிப்படையே பொய்யான கேள்விகளுக்குப் பெட்டியைக் குறைத்ததாகவும் சொன்னார்கள். ஆனால் வாயில் வைப்பது, அழுத்திப் பிடிப்பது என்ற சொற்கள் எல்லா நல்ல தளங்களிலும் இருக்கின்றன, "கூடாது" என்பதோடு சேர்த்து. அதனால் அதை நம்பி நான் மேலே நகர்த்தாமல் இருக்க மாட்டேன்.

செந்தூல்காரர்
நல்ல தளங்கள் எல்லாமே கூடாது என்றால் ஒப்பிடும்போது மாட்டிக்கொள்ள வேண்டுமே. இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பட்டர்வொர்த் மாமா
இதற்கெல்லாம் போன் எதற்கு? கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தால் நிற்கும். என் அண்ணனுக்கு மூன்று முறை நின்றிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் வாசல் ஆணியில் பழைய சாவி ஒன்று தொங்க வேண்டும், பிள்ளைகளுக்கும் அது எங்கே என்று காட்டி வைக்க வேண்டும். 999ஐப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் அதற்குக் கீழே எழுதுங்கள். போனில் எப்போதும் சார்ஜ் இருக்கட்டும்.

ஜார்ஜ்டவுன் அம்மா
மாமா, 999 சொன்னது சரி. ஆனால் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், சாவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். என் கணவருக்கு இருபது வருஷமாக இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஐந்து நிமிடம் தாண்டினால் அழைப்பேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா
அந்த இரவு கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டிக்குக் கீழே கருத்துச் சொல்லும் இடத்தில், தலைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று எழுதினேன். சில வாரம் கழித்து அதே கேள்வியைத் தட்டினேன், பெட்டி வரவில்லை. நான் எழுதியதாலா, தானாகப் போனதா? என் தம்பி கேட்டான், என்னிடம் பதில் இல்லை.