தடைக்காலத்துக்கு முன்னே போட்ட வாரக் கணக்கு: என் கடை அனுபவம், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மண்டபம் மளிகை

மண்டபத்தில் பதினோரு வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். படகு கரைக்கு வந்து பங்குக் காசு பிரித்த மறுநாள்தான் பற்று நோட்டில் வரவு விழும்.

2024 ஏப்ரலில் மொத்தக் கடைக்குக் கொடுத்த செக் ரிட்டர்ன் ஆனது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தடை தொடங்கி ஒரு வாரம் கழித்து நான் கட்ட வேண்டிய பாக்கி எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் மார்ச் கடைசியிலேயே ஒரு நீள நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு பத்தி. மேலே திங்கள் காலை கையிருப்பு, நடுவில் அந்த வாரம் வரும் காசு, போகும் காசு, கீழே ஞாயிறு இரவு மிச்சம். அந்த மிச்சம்தான் அடுத்த பத்தியின் கையிருப்பு.

வரவுக்கு 2024-இன் பில் புத்தகம், போனில் வந்த பணத்தின் பட்டியல், பற்று நோட்டு மூன்றையும் வைத்துக்கொண்டேன். அதில் இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஒன்று, விற்பனையை எழுதக்கூடாது, கைக்கு வந்த காசைத்தான் எழுத வேண்டும். நோட்டில் எழுதிக் கொடுத்த அரிசிக்கு அந்த வாரம் வரவு பூஜ்யம்தான், பாக்கி தீர்கிற வாரத்தில்தான் அது வரவு. அதனால் கைக்காசு விற்பனைக்கு ஒரு வரி, பாக்கி வசூலுக்கு வேறு வரி என்று பிரித்துவிட்டேன். இரண்டாவது, 2024 மே மாதத்தில் ஒரு வாரம் மட்டும் வரவு நன்றாக இருப்பதுபோல் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், வீட்டில் சீட்டு எடுத்த 20,000 ரூபாயைக் கடைக் கணக்கில் போட்டிருக்கிறேன். அதைக் கழித்த பிறகுதான் அந்த வாரத்தின் உண்மை தெரிந்தது.

செலவில் வாராவாரம் போவது ஏஜென்சி சரக்கு, பால் முட்டை, வீட்டுச் செலவு 4,500, செவ்வாய்தோறும் மகளிர் குழுத் தவணை 1,500. மற்றவை தேதி பார்த்து வருபவை. அரிசிக்கு 15 நாள் தவணை, எண்ணெய் பருப்புக்கு 21 நாள் செக், 1-ஆம் தேதி வாடகை 5,000, 5-ஆம் தேதி வங்கித் தவணை 11,200, மே மாதம் கரண்ட் பில் 4,000. சரக்கு வாங்கிய நாளை நான் பார்க்கவே இல்லை. காசு கைவிட்டுப் போகிற நாள் எந்த வாரத்தில் விழுகிறதோ அந்தப் பத்தியில் எழுதினேன்.

2025 ஏப்ரல் 14 திங்கள் அன்று 38,000 இருக்கும் என்று வைத்து எழுதியது இது:

முதல் வாரம் வரவு 64,000. கடைசிப் பங்குக் காசில் பாக்கி தீர்ப்பவர்கள் அதற்குள் தீர்த்துவிடுவார்கள். அரிசி 28,000 சேர்த்துப் போவது 58,000. மிச்சம் 44,000.

இரண்டாம் வாரம் வரவு 42,000. வழக்கமான செலவு 24,000, எண்ணெய் பருப்பு செக் 60,000. மிச்சம் 2,000.

மூன்றாம் வாரம் வரவு 37,000. செலவு, மறுபடி அரிசி, வாடகை எல்லாம் சேர்த்து 57,000. மைனஸ் 18,000.

நான்காம் வாரம் அதே 37,000 வரவு. செலவு, வங்கித் தவணை, கரண்ட் பில் சேர்ந்து 39,200. மைனஸ் 20,200.

பார்த்ததும் விளங்கியது. வரவு குறைவதை விட, படகு ஓடிக்கொண்டிருந்தபோது முழு அளவில் வாங்கிய சரக்கின் பாக்கி, படகு நின்ற பிறகு வந்து நிற்பதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. தடை தொடங்கிய பிறகு இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆர்டர் போடும் மார்ச் கடைசியிலேதான் கை வைக்க முடியும். இதுபோல் முன்கூட்டிப் போட்டவர்கள் எப்படிப் போட்டீர்கள், எங்கே தப்பியது என்று எழுதுங்கள். நான் என்ன செய்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வணிகவியல் மாணவன், ராமநாதபுரம்

அண்ணே, ஒரு திருத்தம். வங்கித் தவணை 11,200 முழுதும் செலவு ஆகாது. அசல் போக வட்டி மட்டும்தான் செலவு. அதுபோல அரிசியும் விற்ற அளவுக்குத்தான் செலவு. அப்படிப் போட்டால் உங்களுக்கு இவ்வளவு மைனஸ் வராது.

பழைய கணக்குப்பிள்ளை, பரமக்குடி

தம்பி சொல்வது லாப நட்டக் கணக்குக்குச் சரி. இவர் கேட்பது 5-ஆம் தேதி கணக்கில் காசு இருக்குமா என்று. வங்கி அசலையும் சேர்த்துத்தான் எடுக்கும். லாபத்தில் ஓடுகிற கடைக்கும் செக் திரும்பும்.

மண்டபத்துக்காரரே, நான் முப்பது வருடம் மொத்தக் கடையில் கணக்கு எழுதினவன். உங்கள் இரண்டாம் வாரத்தைத் திரும்பப் பாருங்கள். ஞாயிறு இரவு 2,000 மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 60,000 செக் என்றைக்கு?

மண்டபம் மளிகை

ஏப்ரல் 23, புதன்கிழமை ஐயா.

பழைய கணக்குப்பிள்ளை, பரமக்குடி

அப்படியானால் புதன் வரைக்கும் மட்டும் எழுதுங்கள். திங்கள் 44,000. மூன்று நாள் வரவு 18,000. திங்களன்று ஏஜென்சிக்கு 10,000, செவ்வாய் குழுவுக்கு 1,500, பால் முட்டைக்கு மூவாயிரத்துச் சொச்சம் போகும். புதன் அன்று 47,000-தான் தேறும். உங்கள் தாளில் மைனஸ் மூன்றாம் வாரம்தான் வருகிறது, செக்கோ இரண்டாம் வாரமே திரும்பிவிடும். அந்த 47,000-மும் எல்லாம் வங்கியிலா இருக்கிறது? கல்லாவில் இருப்பதைப் பார்த்து செக் பாஸ் ஆகாது.

வாரம் பூராவும் நாள்வாரியாக எழுத வேண்டாம், கை ஓய்ந்துவிடும். பெரிய தொகை போகிற வாரத்தை மட்டும் பாதியில் வெட்டி, அந்த நாள் வரைக்கும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். செக் தேதியை வெள்ளி சனிக்குத் தள்ளிக் கேட்டாலே பல சமயம் தீர்ந்துபோகும், உங்களுக்கு மூன்றாம் வாரமும் மைனஸ் என்பதால் இந்தத் தடவை தீராது.

தொண்டி அக்கா கடை

எங்க பக்கம் நாட்டுப்படகுதான் அதிகம், தடைக்காலத்துலயும் கடலுக்குப் போவாங்க. அந்த ரெண்டு மாசம் மீனுக்கு வெல இருக்கும், எனக்கு வசூல் நல்லாவே வரும். எனக்கு அடி விழுறது ஐப்பசி கார்த்திகையில. காத்து எச்சரிக்கை வந்தா யாரும் கடலுக்குப் போக முடியாது, எத்தனை நாள்னும் தெரியாது. தடைக்காலத்துக்குத் தேதி இருக்கு, புயலுக்கு எங்க தேதி இருக்கு? நான் போன வருச நோட்டப் பாத்து அந்த மாசத்துல வாரம் ஒண்ண வசூலே இல்லாத வாரமா எழுதி வைக்கிறேன், எந்த வாரம்னு எனக்கே தெரியாது. கடனே குடுக்காதீங்கன்னு சொல்லணும்னு வந்தேன், ஆனா நானே குடுக்கிறேன்.

சங்குக் கடை, ராமேஸ்வரம்

எனக்கு மீன்பிடித் தடையால் ஒன்றும் இல்லை. மே மாதம் லீவு விட்டால் கடையில் நிற்க நேரம் இருக்காது. ஆனால் போன வருட வாரத்தைப் பார்த்து இந்த வருடம் எழுதுகிற வேலையில் நான் நன்றாக ஏமாந்தேன். ஆடி அமாவாசைக்கு வருகிற கூட்டம்தான் எனக்கு ஒரு மாத வாடகை. 2024-இல் அது ஆகஸ்ட் 4, 2025-இல் ஜூலை 24. நான் ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெரிய வரவை எழுதி, சரக்குக்காரருக்கும் அந்த வாரமே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கூட்டம் பத்து நாள் முன்னே வந்து போய்விட்டது. வந்த காசு நடுவில் வேறு வேலைக்குப் போயிற்று, சரக்குக்காரர் வந்தபோது கல்லா காலி. இப்போது அமாவாசை, தைப்பூசம் போன்றவற்றை மட்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்து நகர்த்தி எழுதுகிறேன். பள்ளி லீவையும் தவணைத் தேதிகளையும் இங்கிலீஷ் தேதிப்படியே விட்டுவிடுகிறேன்.

மண்டபம் மளிகை

ஐயா சொன்ன புதன்கிழமைதான் 2024-இல் என்னைக் கவிழ்த்தது, ஆனால் அது இவ்வளவு தெளிவாக எனக்கே இப்போதுதான் புரிகிறது. 2025-இல் அதிர்ஷ்டவசமாக வேறு காரணத்துக்காக அந்த செக்கை மாற்றியிருந்தேன். செய்தது இவ்வளவுதான்.

ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தில் பழைய பாக்கி உள்ள பதினான்கு வீடுகளில் நேரில் போய்க் கேட்டேன், 12,000 வந்தது. கையிருப்பு 50,000 ஆனது. மொத்தக் கடையில் 60,000-ஐ இரண்டாக்கி, ஏப்ரல் 23-இல் பாதி, மே 15-இல் பாதி என்று வாங்கிக்கொண்டேன். மார்ச் மாதமே போய் நின்றதால் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார். ஏப்ரல் 14-க்குப் பிறகு அரிசி ஆர்டரைப் பாதியாக்கி 14,000-க்கு இறக்கினேன். அடுத்த எண்ணெய் பருப்பு ஆர்டரை ஏப்ரல் 30-க்குத் தள்ளி 24,000-க்கு மட்டும் போட்டேன்.

திரும்ப எழுதினால் நான்காம் வாரம் மிச்சம் 35,800. பள்ளம் மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஐந்தாம் வாரம் மொத்தக் கடையின் இரண்டாம் பாதியும் அரிசியும் போனதும் 4,800. ஆறாம் வாரம் மைனஸ் 6,200. பள்ளம் மறையவில்லை, மே கடைசிக்கு நகர்ந்திருக்கிறது.

7,000 ரூபாய் தண்டலில் வாங்கிச் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டில்தான் இன்னும் மூன்று வாரம் எழுதிப் பார் என்றார்கள். எழுதினேன். ஜூன் 5 வங்கித் தவணை போய், ஜூன் இரண்டாம் வாரம் அரிசியும் எண்ணெயும் சேர்ந்து விழும்போது மைனஸ் 35,400. முதல் மைனஸைப் பார்த்துக் கடன் வாங்கியிருந்தால் அடுத்தடுத்து மூன்று தடவை கை நீட்டியிருப்பேன். அதனால் மே நடுவிலேயே 40,000-க்கு ஒரே நகைக்கடனாக வைத்தேன். ஆழமான வாரத்திலும் 4,600 மிச்சம் நிற்கும் என்று தாள் சொன்னது.

பழைய கணக்குப்பிள்ளை, பரமக்குடி

நகையைத் திருப்புகிற காசு எந்த வாரத்தில் எழுதியிருக்கிறீர்கள்?

மண்டபம் மளிகை

அங்கேதான் ஐயா தடுமாற்றம். ஜூன் 15-இல் படகு கிளம்பிவிடும். ஆனால் 2024 நோட்டைப் பார்த்தால் வசூல் பழைய அளவுக்கு வர மூன்று வாரம் ஆகியிருக்கிறது. படகுக்காரர்களும் தங்கள் ஆட்கள் வாங்கிய முன்பணத்தை முதலில் கழித்துக்கொள்வார்கள். நான் ஜூலை முதல் வாரத்தில் எழுதினேன், நடந்தது ஜூலை கடைசியில். ஞாயிறுதோறும் தாளையும் கல்லாவையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் கைக்காசு விற்பனை வரி பெரும்பாலும் ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசத்தில் வந்தது. பாக்கி வசூல் வரி மட்டும் வாராவாரம் தப்பியது.

தொண்டி அக்கா கடை

தம்பி, நான் பாக்கிய மொத்தமா எழுத மாட்டேன். யார் யார் தருவாங்கன்னு பேர் பேரா எழுதி, வந்தா உண்டுன்னு பாதியத்தான் கூட்டுவேன்.

பழைய கணக்குப்பிள்ளை, பரமக்குடி

பேர் பேராக எழுதுவது சரி. பாதி என்பது யாருக்கு எவ்வளவு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தடைக்கால நிவாரணம் வந்த வாரத்தில் வசூல் கூடியதா என்று உங்கள் நோட்டில் பாருங்கள், மண்டபத்துக்காரரே. எங்கள் கடையில் சில வருடம் கூடியது, சில வருடம் அந்தக் காசு பள்ளிக்கூடத்துக்குப் போனது.

மண்டபம் மளிகை

இரண்டு வருட நோட்டும் கையில் இருக்கிறது ஐயா. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்ததும் தேதியோடு எடுத்து எழுதுகிறேன்.