புளோரைடு கட்டுரையில் யார் பெயர் முதலில் வர வேண்டும்?

ஆய்வு மாணவி, கொழிஞ்சாம்பாறை: எங்கள் பகுதி ஆழ்குழாய்க் கிணறுகளின் புளோரைடு அளவைப் பற்றிய கட்டுரைக்கு நீர் மாதிரி எடுத்ததும் வரைவு எழுதியதும் நான். நிதி பெற்றுத் தந்த துறைத்தலைவர் முதல் பெயரைக் கேட்கிறார். இணை ஆசிரியர் இன்னொருவர் நீர் வடிகட்டி நிறுவனம் ஒன்றின் ஆலோசகர். அதைக் குறிப்பிட வேண்டாம் என்கிறார். நான் என்ன செய்வது?

கல்லூரி ஆசிரியர், மீனாட்சிபுரம்: கட்டுரைக்கு யார் என்ன செய்தார் என்று வகைப்படுத்தும் கிரெடிட் பட்டியலின் 14 பங்குகளில் நிதி பெறுவதும் ஒன்று என்பதால், துறைத்தலைவர் ஆசிரியரே. ஆலோசகர் பயணச் செலவு மட்டும் வாங்கியிருந்தால் அதை எழுதத் தேவையில்லை.

முன்னாள் இதழாசிரியர், பாலக்காடு: முதல் பாதியில் ஒரு குழப்பம் இருக்கிறது, ஐயா. அந்தப் பட்டியல் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லுமே தவிர, யார் ஆசிரியர் என்று தீர்மானிக்காது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐசிஎம்ஜேஇ வகுத்த நெறியின்படி, ஆய்வுத் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, வரைவை எழுதியது அல்லது ஆழ்ந்து திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு ஆகிய நான்கும் சேர்ந்திருக்க வேண்டும்; நிதி மட்டும் பெற்றவருக்கு நன்றியுரையில்தான் இடம். எனவே, எந்தெந்தக் கிணறுகள் என்று தேர்ந்தெடுத்தது யார் என்பதை முதலில் கேளுங்கள், அம்மா. துறைத்தலைவரே தேர்ந்திருந்தால், வரைவைத் திருத்தும் வாய்ப்பை அவருக்குத் தந்தாக வேண்டும்.

பெயர் வரிசையை அந்த நெறி வகுக்கவில்லை. ஆசிரியர்களே கூடி முடிவு செய்ய வேண்டும். அவர் முதலிடம் கேட்பதற்குப் பதவி உயர்வுக்கான மதிப்பெண் காரணமாக இருக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, இருவருக்கு மேல் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியருக்குக் கிடைக்கும் அதே 70 விழுக்காடு இதழோடு கடிதத் தொடர்பு கொள்ளும் தொடர்பு ஆசிரியருக்கும் உண்டு, மற்றவர்களுக்கு 30. அவர் கடைசிப் பெயராகவும் தொடர்பு ஆசிரியராகவும் இருந்தால், உங்கள் முதலிடத்தைத் தொடாமலே அவருக்குரியது கிடைத்துவிடும்.

பயணச் செலவுக்கு ஐசிஎம்ஜேஇயின் வெளிப்படுத்தல் படிவத்தில் தனி இனமே இருக்கிறது; கடந்த 36 மாதங்களை அது கேட்கிறது. குடிநீருக்கான வரம்பாகிய லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய கிணறு உள்ளதாக நீங்கள் எழுதும் ஒவ்வொரு வீடும் அந்த நிறுவனத்துக்கு ஒரு வாடிக்கையாளர் ஆகக்கூடும் என்பதால், கட்டுரையில் வடிகட்டி என்ற சொல்லே வராவிட்டாலும் தொடர்பு இருக்கிறது. "இவர் நீர் வடிகட்டி நிறுவனம் ஒன்றின் ஆலோசகர், பயணச் செலவு பெற்றார், மாதிரித் தேர்விலும் பகுப்பாய்விலும் அந்நிறுவனத்துக்குப் பங்கில்லை" என்று நிறுவனத்தின் பெயரோடு எழுதுங்கள். கடைசிச் சொற்றொடர் உண்மையானால் மட்டும்.

ஆய்வகப் பணியாளர், வாளையார்: ஒரு கட்டுரைக்கு எல்லா மாதிரிகளையும் மின்முனையில் அளந்தவன் நான். வரைவை எனக்குக் காட்டவே இல்லை. பிறகு, திருத்தவில்லை என்று காரணம் சொல்லி நன்றியுரையில் போட்டார்கள். இது என்ன நியாயம்?

முன்னாள் இதழாசிரியர், பாலக்காடு: அது தவறு. தரவில் கணிசமான பங்கு செய்தவருக்கு வரைவைக் காட்டாமல் வைத்து, அதையே காரணமாக்கக் கூடாது.

கல்லூரி ஆசிரியர், மீனாட்சிபுரம்: பயணச் செலவு பற்றி நான் சொன்னது பிழை. ஆனால், வகுத்துக் கொடுத்த முறைப்படி அளப்பது கணிசமான பங்கு என்பதை நான் ஏற்கவில்லை.

ஆய்வு மாணவி, கொழிஞ்சாம்பாறை: கிணறுகளைத் துறைத்தலைவரும் நானும் சேர்ந்தே தேர்ந்தோம். வரைவை இன்றே அவருக்கு அனுப்புகிறேன். எங்கள் மாதிரிகளை அளந்த அண்ணனுக்கும் அனுப்புகிறேன்.