எலி, எலி, எலி: கடுகு எண்ணெய்ச் சண்டை

செக்கடி: அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடுகு எண்ணெயை ஒதுக்கியது வியாபாரச் சதி. எலிக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு மனிதனுக்கு விஷம் என்கிறார்கள்.

மதிவாணன்: சதி என்றால் முதலில் அடி வாங்கியது யார் பயிர்? ஐரோப்பாவிலும் கனடாவிலும் விளைந்த ரேப்சீட் என்ற எண்ணெய் வித்து. அதன் எண்ணெயை எலிக்குத் தாராளமாகக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே இதயத் தசைக்குள் கொழுப்புத் துளிகள் சேர்ந்தன. காரணம் அதிலிருந்த எரூசிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதனால்தான் கனடாக்காரர்கள் அது குறைந்த ரகத்தை உருவாக்கிக் கனோலா என்று பெயர் வைத்தார்கள். கடுகு எண்ணெயில் அந்த அமிலம் பாதிக்குப் பாதி வரை இருக்கும், அதனால் அதுவும் மாட்டிக்கொண்டது. அமெரிக்காவில் அதன் புட்டியில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சிட்டு விற்பது இதனால்தான்.

செக்கடி: எலி எலிதானே ஐயா.

மீனா: எலி இதயத்துக்கு இந்த அமிலத்தை எரிக்கத் தெரியாது, அதனால்தான் கொழுப்பு தேங்குகிறது. பன்றிக்கு ஒன்றும் ஆகாது.

மதிவாணன்: முன்பாதி ஏறக்குறைய சரி, மெதுவாக எரிக்கும். தீனியை மாற்றாமலே சில வாரங்களில் கொழுப்பு வடிந்தும் விடும். ஆனால் புதிதாகப் பிறந்த பன்றிக்குட்டிகளிலும் அது சேர்ந்தது, மீனா. 2016-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டையும் வைத்துத்தான் கணக்குப் போட்டது. பாதிப்பு தெரியாத அளவு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 700 மில்லிகிராம் எரூசிக் அமிலம். மனிதனுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அதை 100-ஆல் வகுத்து 7 என்றார்கள். 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 420 மில்லிகிராம், கிட்டத்தட்ட ஒரு கிராம் கடுகு எண்ணெய். வகுக்காமல் பார்த்தால் 90 கிராமுக்கு மேல். சண்டை எலியில் இல்லை, அந்த 100-இல் இருக்கிறது.

வேலு: என் மாமனார் வாழ்நாள் முழுக்க இதைத்தான் சாப்பிட்டார், 84 வயது. எனக்குத் தேய்த்தாலே தோல் எரிகிறது, அதுவும் இந்த அமிலமா?

மதிவாணன்: இல்லை. அது கடுகின் காரம், வேறு பொருள். மாமனார் ஒருவர் ஆய்வு ஆகமாட்டார்.

வேலு: என் மாமனாரை இழுக்காதீர்கள்.

மதிவாணன்: இழுத்தது நீங்கள்!

செக்கடி: டெல்லி, பெங்களூர் ஆய்வு தெரியுமா? 2004. கடுகு எண்ணெயில் சமைத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு!

மதிவாணன்: தெரியும். மருத்துவமனைக்கு மாரடைப்போடு வந்தவர்களையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டது. அந்த எண்ணெயில் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு, நன்மை அதனாலும் இருக்கலாம். எரூசிக் அமிலத்தை மட்டும் பிரித்து அது சோதிக்கவில்லை. மனித இதயம் கெட்டதற்கு நேரடிச் சான்று இல்லை என்று நானே சொல்கிறேன். குழந்தைகளுக்குக் கவலையே வேண்டாம் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

செக்கடி: அப்போ சான்று இல்லை என்று ஒப்புக்கொண்டீர்கள். எலி தவிர.

மீனா: பன்றிக்குட்டியும்.

செக்கடி: போன தடவை தேங்காய் எண்ணெய்க்கும் இவர் இப்படித்தான் குதித்தார்.

மதிவாணன்: அந்த விவாதத் திரியையும் தேடி எடுத்துப் போடுங்கள், அங்கும் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.