முதல் இடத்து சரக்குதான் கனம் என்றால் கடைசியா ஏத்தலாமா? (லோடு ஏத்துற அனுபவங்கள்)

பின்கதவு

கடைசியில் இறக்குறதை முதல்ல ஏத்தணும்னு இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடுங்க. உறுத்துறது இந்த ஒரு லோடுதான். திறந்த பாடி மினி வண்டி. பின்கதவு மட்டும்தான் திறக்கும், பக்கப் பலகை ரெண்டும் வெல்டு அடிச்சது. ஆறு இடத்தில் இறக்கணும். முதல் இடத்துக்கு 25 கிலோ டைல்ஸ் பசை மூட்டை 15. மத்த அஞ்சு இடத்துக்கும் சேர்த்து 150 கிலோ அட்டைப்பெட்டி, எல்லாம் மின்விசிறி, விளக்குன்னு பெருசா, லேசா இருக்கிற சரக்கு.

ஏத்தினவங்க வரிசையைத் துளிகூட மாத்தல. ஆறாவது இடத்துப் பெட்டி கேபினை ஒட்டி, அப்புறம் 5, 4, 3, 2. மூட்டை கடைசியா பின்கதவோரம், குறுக்கே மூணு, உயரத்துக்கு அஞ்சு. மொத்தம் 525 கிலோ. வண்டி தாங்குறது 700.

கிடங்கு வாசல் சரிவில் ஏறிக்கிட்டே டிரைவர் இடது பக்கம் ஒடிக்கிறார். சக்கரம் திரும்பிடுச்சு, வண்டி திரும்பல. ஒரு முழம் நேராப் போயிட்டு அப்புறம்தான் மூக்கு திரும்புச்சு. எடை தாண்டல, டயரில் காத்து சரியா இருக்கு, வரிசையும் சரி. அப்போ எதைத்தான் குறை சொல்றது?

ஆக்சில்கணக்கு

வரிசையைத்தான். பின் ஆக்சில் எங்கே இருக்குன்னு பார்க்காம வரிசையை மட்டும் பார்த்தா இதுதான் நடக்கும். நீங்க சொல்ற அளவு வண்டிக்கு வீல்பேஸ் 2.1 மீட்டர், பாடி நீளம் 2.2 மீட்டர், அதில் பின் ஆக்சிலுக்கு அப்பால் நீட்டிக்கிட்டு இருப்பது 0.8 மீட்டர்னு வச்சுக்கிறேன். உங்க வண்டியை டேப் வச்சு அளந்து எண்ணை மாத்திக்கோங்க.

மூட்டை அடுக்கு 60 செ.மீ. நீளம். பின்கதவை ஒட்டி வச்சா அதோட நடுப்புள்ளி ஆக்சிலுக்கு அரை மீட்டர் பின்னால் விழும். 375 கிலோவை 0.5 ஆல் பெருக்கி 2.1 ஆல் வகுத்தா 89. அந்த 89 கிலோ முன் சக்கரத்திலிருந்து தூக்கப்படுது. முன்னால் இருக்கிற 150 கிலோ பெட்டி, நடுப்புள்ளி ஆக்சிலுக்கு 0.6 மீட்டர் முன்னால், 43 கிலோதான் திருப்பிக் கொடுக்குது. ஆக, லோடு ஏத்தின வண்டியின் முன் சக்கரத்தில், காலி வண்டியில் இருந்ததைவிட 46 கிலோ குறைவு. சரிவில் ஏறும்போது இன்னும் கொஞ்சம் எடை பின்னால் சாயும். சக்கரம் திரும்பியும் வண்டி திரும்பாததுக்கு இதுதான் காரணம்.

மூட்டையைப் பின்கதவிலிருந்து 70 செ.மீ. உள்ளே தள்ளுங்க. அடுக்கு ஆக்சிலுக்கு மேலேயே உட்காரும், நடுப்புள்ளி 0.2 மீட்டர் முன்னால் வரும். பின்னால் கிடைக்கிற 70 செ.மீ. இடத்தில் 2, 3 ஆம் இடத்துப் பெட்டிகள், 40 கிலோ இருக்கும். மிச்சம் 110 கிலோ கேபின் பக்கம். இப்போ கணக்குப் போட்டா முன் சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட 77 கிலோ கூடுது. அதே சரக்கு, அதே வண்டி, ஸ்டீயரிங்கில் 120 கிலோவுக்கு மேல வித்தியாசம்.

முதல் இடத்தில் அந்த 40 கிலோவைக் கீழே இறக்கி வச்சுட்டுத்தான் மூட்டையை எடுக்க முடியும். அது ஒண்ணுதான் இதுக்கான விலை. திரும்ப ஏத்தும்போது பழைய இடத்தில் வைக்காதீங்க. மூட்டை போன பள்ளத்தில், முதல்ல 3, அதுக்குப் பின்னால் 2, கேபின் பக்கத்துப் பெட்டியோட ஒட்டி வைங்க. இல்லேன்னா நடுவில் 60 செ.மீ. வெற்றிடம் நிக்கும், வண்டி கிளம்புற ஒவ்வொரு தடவையும் முன்வரிசைப் பெட்டி பின்னால் நகரும்.

மூணாம்கியர்

எதுக்கு இவ்வளவு பெருக்கல் வகுத்தல்? கனமானது எப்பவும் கேபின் பலகையை ஒட்டித்தான். பிரேக் அடிச்சா மூட்டை போய் முட்ட பலகை இருக்கு. வரிசை எல்லாம் லேசான சரக்குக்குத்தான்.

ஆக்சில்கணக்கு

@மூணாம்கியர் கடைசி இடத்து சரக்கு கனமா இருந்தா நீங்க சொல்றதில் மறுபேச்சே இல்ல, வரிசையும் எடையும் ஒரே பக்கம் போகும். இங்கே கனமானது முதல் இடம். கேபினை ஒட்டி வச்சா மொத்த வண்டியையும் ரோட்டில் இறக்கித்தான் மூட்டையை எடுக்கணும். மழை வந்தா அட்டைப்பெட்டி என்ன ஆகும்?

ஆனா பிரேக் பத்தி நீங்க சொன்னதை நான் விட்டுட்டேன். முன்பக்கம் நகராம இருக்க சரக்கு எடையில் 80%, பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50% தாங்கணும்னு ஐரோப்பிய லோடு கட்டும் விதி சொல்லும். 375 கிலோ மூட்டைக்கு முன்பக்கம் 300 கிலோ. மூட்டை பின்கதவில் இருந்தாலும் ஆக்சில் மேல் இருந்தாலும் அதுக்கு முன்னால் நிக்கிறது மின்விசிறிப் பெட்டி. ஒரு நல்ல பிரேக்கில் பெட்டி அப்பளமா நொறுங்கும்.

அதனால மூட்டைக்கு அடியில் ரப்பர் பாய், மேலே குறுக்கா ரெண்டு ராட்செட் பெல்ட், பாடித் தரைக் கொக்கியில். மூட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் பாடி அகலத்துக்கு ஒரு பிளைவுட் நிக்க வைங்க. பிளைவுட் தனியா 300 கிலோவைத் தாங்கிடாது. ஒரு மூட்டையோட மூலை ஒரே பெட்டியில் குத்தாம, அழுத்தத்தை எல்லாப் பெட்டிக்கும் பரத்தும், அவ்வளவுதான். பிடிக்க வேண்டியது பெல்ட். பொடி மூட்டை குலுங்கிக் குலுங்கி அமுங்கும், பெல்ட் தானா தளரும். கிளம்பின சில கிலோமீட்டரில் நிறுத்தி ஒரு தடவை இறுக்கணும்.

வழிகாட்டிப்பலகை

ரூட்டையே திருப்பிப் போட்டா என்ன? மூட்டை இடத்தைக் கடைசியாப் போங்க. அப்போ மூட்டை கேபின் பக்கம், பெட்டி பின்னால். எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது.

பின்கதவு

முடியாது சார். அந்தக் கட்டட வேலை நடக்கிற இடத்தில் காலையில் மட்டும்தான் வண்டியை உள்ளே விடுவாங்க. அதனாலதான் அது முதல் இடமாச்சு. அதுவும் இல்லாம 375 கிலோவை மத்த அஞ்சு இடத்துக்கும் சுமந்துக்கிட்டே சுத்தணும்.

காலிக்கூடை

எங்க பக்கம் பிரச்சினை வேற. மூடின வேன், இறக்குற இடத்திலெல்லாம் காலி பிளாஸ்டிக் கூடையைத் திருப்பிக் கொடுப்பாங்க. வரிசைப்படி ஏத்தின வண்டியில் முதல் இடத்து சரக்கு போனதும் பின்கதவோரம் காலியாகும், அங்கேயே காலிக் கூடை உட்கார்ந்துடும். ரெண்டாவது இடத்தில் கதவைத் திறந்தா முன்னால் நிக்கிறது முதல் இடத்துக் கூடை. நாலாவது இடம் வரும்போது சரக்கை எடுக்கக் கூடைச் சுவரையே கலைக்கணும். ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்குற கூடைன்னா பரவாயில்ல, எங்களோடது அடங்காது. இடது ஓரமா கேபின் வரைக்கும் ஒரு கூடை அகலத்துக்குச் சந்து விட்டு ஏத்திப் பார்த்தாச்சு. கூடை போக இடம் கிடைக்குது, ஆனா சரக்கு பக்கவாட்டில் அந்தச் சந்துக்குள்ள சரியுது. சந்தை விடவும் முடியல, மூடவும் முடியல. யாராவது இதைத் தீர்த்திருக்கீங்களா?

சுண்ணக்கட்டி

எல்லாரும் வண்டிக்குள்ள என்னன்னு பேசுறீங்க. தப்பு ஆரம்பிக்கிறது கிடங்குத் தரையில். சரக்கு எடுக்கிறவர் பில் வரிசைப்படி முதல் இடத்தை முதல்ல எடுத்து, ஏத்துற மேடை ஓரத்தில் வைப்பார். ஏத்துறவர் கைக்கு எது பக்கமோ அதைத்தான் முதல்ல தூக்குவார். முதல் இடத்து சரக்கு நேரா கேபின் பக்கம் போயிடும். இதை ரோட்டில் கண்டுபிடிச்சா ரொம்பத் தாமதம். ஏத்தும்போதே தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. கால்வாசி வண்டி ஏத்தினதும் நிறுத்துங்க. அப்போ வாசலுக்கு எதிரே தெரியுற பெட்டியில் கடைசி எண்கள்ல ஒண்ணு இருக்கணும். ஆறு இடம்னா 5 அல்லது 6. அங்கே 1, 2 தெரிஞ்சா மேடையிலேயே கலைச்சிடலாம்.

அதனால எடுக்கிற பட்டியலையே தலைகீழா அச்சடிச்சுக் கொடுங்க. 6 மேலே, 1 கீழே. மேடை ஓரத்தில் 6, உள்பக்கம் போகப் போக 5, 4. ஒவ்வொரு இடத்துக்கும் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் போட்டு எண் எழுதுங்க. பெட்டியில் எண்ணை ரெண்டு பக்கம் எழுதணும். மேல்பக்கம் எழுதினா பயனில்ல, அது மேல இன்னொரு பெட்டி ஏறிடும். குறுகின பக்கத்தில் ஒண்ணு, நீளப் பக்கத்தில் ஒண்ணுன்னா நீளவாக்கில் வச்சாலும் குறுக்கே வச்சாலும் ஒரு எண்ணைக் கதவு பக்கம் பார்க்க வைக்கலாம். ஒரு இடத்துக்கு எத்தனை பெட்டின்னும் அதிலேயே 3-2/7ன்னு எழுதிடுங்க. மூணாவது இடம், ஏழில் ரெண்டாவது பெட்டி. ஏழாவது பெட்டி உள்ளே எங்கேயோ மாட்டிக்கிட்டா அந்த இடத்தை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே தெரியும்.

இன்னொண்ணு, அடுக்கு அடுக்கா வைக்காதீங்க. கடைசி இடம் தரை முழுக்க, அதுக்கு மேல அஞ்சாவதுன்னு ஏத்தினாலும் வரிசை சரியாத்தான் வரும், ஆனா கடைசி இடத்து சரக்கு மத்த எல்லாத்தையும் தாங்கிக்கிட்டே பாதி நாள் போகும். ஒவ்வொரு இடத்துக்கும் தரையிலிருந்து மேல்வரை ஒரு குறுக்குச் சுவர். அந்தச் சுவருக்குள்ள கனம் கீழே, லேசு மேலே.

மூணாம்கியர்

@சுண்ணக்கட்டி யாரும் கேட்கலையே இதை 😄 ஆனா 3-2/7 நல்லாயிருக்கு.

@ஆக்சில்கணக்கு மூட்டையை ஆக்சில் மேல வச்சா முதல் இடத்தில் 40 கிலோ இறக்கி ஏத்தணும்னு சொல்றீங்க. அந்தக் கட்டட வாசலில் பின்னால் வேற வண்டி நிக்கும், தரை சேறா இருக்கும். அட்டைப்பெட்டியை எங்கே வைப்பாங்க?

ஆக்சில்கணக்கு

தார்ப்பாய் விரிச்சு அது மேல. இல்லேன்னா 2, 3 ஆம் இடத்துப் பெட்டியைக் கேபின் பக்கத்துப் பெட்டி மேலயே ஏத்திடுங்க, 40 கிலோதானே. மூட்டைக்குப் பின்னால் எதுவும் வேண்டாம், வெறும் 70 செ.மீ. பின்கதவு வரைக்கும் காலி. மூட்டை பின்னால் நகராம ஒரு மரச்சட்டம் முட்டுக் கொடுத்தா போதும்.

பின்கதவு

அப்படி ஏத்தினா 2 ஆம் இடத்துப் பெட்டி 4 ஆம் இடத்துப் பெட்டி மேல நிக்கும். அடியில் இருக்கிறது கண்ணாடி விளக்கு. அந்தப் பெட்டியில் ரெண்டுக்கு மேல அடுக்காதேன்னு அச்சடிச்சிருக்கு, ஏற்கெனவே ரெண்டு அடுக்கு இருக்கு. தார்ப்பாய் வழிதான் மிச்சம். இல்லேன்னா ஒரு பக்கத்து வெல்டை அறுத்துப் பக்கப் பலகையைக் கீல் போட்டு இறக்குற மாதிரி மாத்தணும். அப்போ மூட்டை ஆக்சில் மேலேயே இருக்கும், பக்கவாட்டில் எடுத்துக்கலாம், பின்னால் எதையும் தொட வேண்டாம்.

ஆக்சில்கணக்கு

பலகையை மாத்துறதுன்னா நடைபாதைப் பக்கம் வர்ற பலகையை மாத்துங்க, வண்டி போற பக்கம் நின்னு மூட்டை தூக்க முடியாது. அறுக்கிறதுக்கு முன்னாடி பாடி கட்டுறவர்கிட்ட கேளுங்க. வெல்டு அடிச்ச பக்கப் பலகை சில பாடியில் பின்தூணையும் சேர்த்துப் பிடிச்சிருக்கும். அதை அறுத்தா பின்கதவு கொக்கி நேரா நிக்காது.